இரண்டு இசைக்கவை விம்முகிறது, இரண்டு சோடியம் விளக்கு ஏன் விம்மவில்லை?

தண்டையார்பேட்டை டியூஷன்

பதினோராம் வகுப்புக்கு அலைகள் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. 256, 260 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளைத் தட்டி மேசையில் ஊன்றினால் ஒலி ஏறி இறங்குகிற விம்மல், வினாடிக்கு நான்கு, கடைசி பெஞ்சு வரை கேட்கிறது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் அடுத்த கட்டத்தில் வந்தது. "ஒளியும் அலைதானே சார், அப்போ ரெண்டு லைட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா வெளிச்சம் ஏறி இறங்கணுமே?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

ஒளியின் அதிர்வெண் ரொம்ப அதிகம், அதனால் கண்ணுக்குத் தெரியாது என்பது வழக்கமாகச் சொல்லும் பதில். அதைச் சொல்ல வாய் திறந்து நிறுத்திக்கொண்டேன். விம்மல் இரண்டு அதிர்வெண்ணின் வித்தியாசத்தைப் பொறுத்தது. அதிர்வெண் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, வித்தியாசம் 4 என்றால் வினாடிக்கு 4 தானே? கண்ணுக்கு வினாடிக்கு நான்கு சிமிட்டல் தாராளமாகத் தெரியுமே. சரியான பதில் என்ன?

வியாசர்பாடி மெக்

வித்தியாசம் 4 ஆக இருந்தால் என்பதுதான் சார் இதில் சிக்கல். அது எங்கே கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சோடியம் விளக்கின் மஞ்சளில் இரண்டு கோடுகள் இருக்கின்றன, 589.0 நானோமீட்டர், 589.6 நானோமீட்டர். ஸ்பெக்ட்ரோமீட்டரில் சேர்ந்தே தெரிகிற அளவுக்கு நெருக்கம். அதிர்வெண்ணாக மாற்றினால் வித்தியாசம் சுமார் 5 × 10¹¹ ஹெர்ட்ஸ். இவ்வளவு நெருக்கமான இரண்டு நிறத்துக்கே வினாடிக்கு ஐம்பதாயிரம் கோடி விம்மல். கண் ஐம்பது அறுபதைத் தாண்டினாலே தொடர் வெளிச்சமாகப் பார்க்கும். முடிந்தது கதை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டை டியூஷன்

அது இரண்டு வேறு கோடுகளுக்கு. நான் ஒரே மாதிரி இரண்டு சோடியம் விளக்கை எடுத்து, இரண்டிலும் 589.0 கோட்டை மட்டும் வைத்துக்கொண்டால்? ஒரே அணு, ஒரே கோடு. வித்தியாசம் சுழியத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்போதும் ஒன்றும் தெரிவதில்லையே. உங்கள் பதில் இந்த இடத்தில் நிற்கவில்லை.

எண்ணூர் பழைய ஷிப்ட்

வெளிச்சத்தில் விம்மல் பார்த்ததே இல்லை என்று யார் சொன்னது? மின் நிலையத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஜெனரேட்டரை கிரிட்டோடு இணைக்கும் முன்னால் விளக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் பஸ்பார், மறுபக்கம் புதிதாகச் சேர்க்கப் போகிற மிஷின், நடுவில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் குண்டு பல்பு. கிரிட் 50, மிஷின் 50.2 என்றால் பல்பு மெதுவாகப் பிரகாசமாகி, மெதுவாக அணைந்து, திரும்பவும் எரியும். ஐந்து வினாடிக்கு ஒருமுறை இருட்டு. டர்பைனுக்குப் போகிற ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து அந்த இருட்டை இன்னும் நீட்டி, நடு இருட்டில் பிரேக்கரைப் போட வேண்டும். இரண்டு பல்பைத் தொடராகப் போடாவிட்டால் எதிர்க் கட்டத்தில் இரட்டை வோல்டேஜ் வந்து ஃபிலமெண்ட் போய்விடும். பெரிய மிஷின்களுக்கு சிங்க்ரோஸ்கோப் முள் இருக்கும், ஆனால் இந்த விளக்குப் பாடத்தை யாரும் மறக்க மாட்டார்கள். இது விம்மல் இல்லாமல் வேறென்ன தம்பி?

வியாசர்பாடி மெக்

ஐயா, அது மின்சாரத்தின் விம்மல். பல்பு வெறும் மீட்டர் வேலை பார்க்கிறது. கேள்வி இரண்டு விளக்கின் ஒளி ஒன்றோடொன்று சேருவதைப் பற்றி.

எண்ணூர் பழைய ஷிப்ட்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்தது வெளிச்சம்தான்.

ராயபுரம் லேப்

முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் சோடியம் விளக்கோடு குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெரியவர் சொன்னதை அப்படியே ஒதுக்க வேண்டாம், பதிலின் பாதி அதில் இருக்கிறது. டன் கணக்கில் எடையுள்ள ரோட்டார் சுற்றுகிறது. இந்த நொடி 50.2 என்றால் அடுத்த சில நொடிகளுக்கும் அது 50.2 தான். ஒரு விம்மல் முழுதாக முடிய ஐந்து வினாடி வேண்டும், அந்த ஐந்து வினாடியும் மிஷின் தன் அதிர்வெண்ணையும், அலை மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்கிற கட்டத்தையும் கைவிடாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் பல்பு ஒழுங்காக ஏறி இறங்கியது.

இப்போது ஒலிக்கே வருவோம். ஒலியில் எல்லாம் விம்முமா? வீட்டில் கேஸ் அடுப்பின் இரண்டு பர்னரையும் முழுதாகத் திறந்து விடுங்கள். இரண்டும் உஸ்ஸென்று ஒரே மாதிரி சீறும். விம்மல் கேட்கிறதா? கேட்காது. இரண்டு சீற்றம் சேர்ந்தால் பெரிய சீற்றம், அவ்வளவுதான். ஆகவே ஒலி விம்மும், ஒளி விம்மாது என்று பிரிப்பதே சரியில்லை. சுரம் விம்மும், சீற்றம் விம்மாது. 4 ஹெர்ட்ஸ் விம்மலைத் தேடுகிறவனுக்கு சோடியம் விளக்கு ஒரு சீற்றம்.

டியூஷன் சாரின் இரண்டு விளக்கையே எடுத்துக்கொள்வோம். விளக்குக்குள் சோடியம் ஆவி 250, 260 டிகிரி சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அணுக்கள் வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. நம்மை நோக்கி வருகிற அணுவின் ஒளி கொஞ்சம் மேலே, விலகிப் போகிற அணுவின் ஒளி கொஞ்சம் கீழே. ரயில் ஹார்ன் கதைதான். இதனால் 589.0 என்று நாம் சொல்கிற ஒற்றைக் கோடு உண்மையில் ஏறக்குறைய 200 கோடி ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. அவ்வளவு அகலத்துக்குள் எண்ணிலடங்காத அணுக்கள், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் தொடங்கி தன் இஷ்டத்துக்கு முடிக்கின்றன.

இவையெல்லாம் கூடி வருகிற அலை எவ்வளவு நேரம் கட்டம் மாறாமல் போகும்? சுமார் அரை நானோ வினாடி. அதற்குப் பிறகு புதிய கட்டம், முன்னதோடு தொடர்பே இல்லாதது. நமக்கு வேண்டிய விம்மல் ஒன்றின் நீளம் கால் வினாடி. கால் வினாடியை அரை நானோ வினாடியால் வகுத்துப் பாருங்கள், ஐம்பது கோடி. ஒரே ஒரு விம்மல் முடிவதற்குள் இரண்டு விளக்கும் தம் கட்டத்தை ஐம்பது கோடி முறை மாற்றிக்கொண்டுவிடும். ஏறத் தொடங்கிய வெளிச்சம் ஏறி முடிப்பதற்குள் அதற்கு இறங்கக் காரணம் வந்துவிடுகிறது. கண்ணுக்கு வந்து சேருவது சராசரி மட்டும்.

வண்ணாரப்பேட்டை ரீட்

ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவன். இயற்பியல் தெரியாது, ஆனால் இந்தச் சங்கதி கைக்குத் தெரியும். இரட்டை ரீடுப் பெட்டியில் ஒரு சுரத்துக்கு இரண்டு ரீடு. ஒன்றை நாக்கின் நுனியில் லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இரண்டையும் சேர்த்து ஊதி, அலை நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் துருத்தியைப் பிடிக்கிற கை நடுங்கினால் காற்றழுத்தம் மாறும், ரீடு இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், அலையை எண்ணவே முடியாது. புதுப் பையன்கள் இதில்தான் திணறுவார்கள். லேப் ஐயா சொல்வது இதுதானா?

ராயபுரம் லேப்

இதேதான் அண்ணே. ஓர் அலை முழுதாக எண்ணுகிற நேரத்துக்குத் துருத்தி ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் முழு நிபந்தனையும்.

வியாசர்பாடி மெக்

ஒரு நிமிஷம். சோடியம் கோட்டைச் சீற்றம் என்று சொல்வதை ஏற்க முடியாது. 509 லட்சம் கோடி ஹெர்ட்ஸில் 200 கோடி அகலம் என்றால் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. எந்த இசைக்கவை அவ்வளவு சுத்தம்? அடுப்புச் சீற்றத்தில் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் கலந்திருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

ராயபுரம் லேப்

நல்ல பிடி. இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. கட்டம் மாறாமல் இருக்கிற அந்த அரை நானோ வினாடிக்குள் ஒளி இரண்டரை லட்சம் முறை அதிர்ந்துவிடுகிறது. இசைக்கவையைத் தட்டினால் ஓய்வதற்குள் சில ஆயிரம் முறை அதிரும். தன் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால் சோடியம் கோடு இசைக்கவையைவிடச் சுத்தமான சுரம்.

ஆனால் விம்மலுக்கு இந்தச் சுத்தம் போதாது. விம்மல் கேட்பது ஒரே ஒரு கேள்வி: இரண்டு சுரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, ஒவ்வொரு சுரத்தின் சொந்த அகலத்தைவிடப் பெரிதா? இசைக்கவையின் அகலம் ஒரு ஹெர்ட்ஸில் சிறு பகுதி, இடைவெளி 4. தாராளம். சோடியத்தின் அகலம் 200 கோடி, இடைவெளி 4. சீற்றம் என்பது எவ்வளவு மெதுவான விம்மலைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே 4 ஹெர்ட்ஸைக் காட்ட இசைக்கவை நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்கிற அளவுக்கு நிலையாக இருந்தால் போதும். விளக்கு நூறு லட்சம் கோடியில் ஒன்று அளவுக்கு நிலையாக இருக்க வேண்டும்.

இப்போது டியூஷன் சார் சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட பதிலுக்கும் ஒரு மரியாதை கிடைக்கிறது. அதிர்வெண் அதிகம் என்பது காரணம்தான், ஆனால் அது வேறு வழியாக வேலை செய்கிறது. அதிர்வெண் பெரிதாக இருப்பதால், சதவீதத்தில் சின்னதாகத் தெரிகிற கலக்கம்கூட ஹெர்ட்ஸ் கணக்கில் கோடிக் கணக்காகிறது.

வியாசர்பாடி மெக்

இதை ஏற்கிறேன். அப்படியென்றால் இடைவெளியை அகலத்தைவிடப் பெரிதாக வைத்தால் விளக்கிலும் விம்மல் வர வேண்டுமே? 4 வேண்டாம், ஆயிரம் கோடி ஹெர்ட்ஸ் இடைவெளி வைப்போம். கண் பார்க்காது, கருவி பார்க்கலாம்.

ஃபைபர் பொண்ணு, பெரம்பூர்

பார்த்தே விட்டார்கள் சார். அமெரிக்காவில் ஃபாரஸ்டர், குட்மண்ட்சன், ஜான்சன் என்ற மூவர் 1955-இல் செய்தார்கள். லேசர் வருவதற்கு முன்னால். பாதரச விளக்கின் 546 நானோமீட்டர் பச்சைக் கோட்டைக் காந்தப் புலத்தில் வைத்தார்கள், கோடு பிரிந்தது. பிரிந்தவற்றின் இடைவெளி ஏறக்குறைய ஆயிரம் கோடி ஹெர்ட்ஸ், ரேடார் பயன்படுத்துகிற 3 சென்டிமீட்டர் மைக்ரோவேவ். ஒளி விழுகிற ஒளிமின் தகட்டை மைக்ரோவேவ் குழிவுக்குள் வைத்து, வெளிவருகிற எலக்ட்ரான் ஓட்டம் அந்த வேகத்தில் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஏறி இறங்கியது. ஆனால் இரைச்சலுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது, நீண்ட நேரம் சராசரி எடுத்துத்தான் வெளியே இழுக்க முடிந்தது. தலைப்பில் "ஏன் விம்மவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்கு விம்மவில்லை என்று சொல்லலாம்.

தண்டையார்பேட்டை டியூஷன்

இது தெரியாத விஷயம், நன்றி அம்மா. ஆனால் இடைவெளி அகலத்தைவிடப் பெரிது என்றால், லேப் ஐயா சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டது. அப்புறம் ஏன் இரைச்சலில் புதைந்தது? இசைக்கவை மாதிரி பளிச்சென்று வந்திருக்க வேண்டுமே.

ராயபுரம் லேப்

இரண்டு காரணம். ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கு ஒரு புள்ளி கிடையாது. விளக்கின் இந்த ஓரத்து அணுக்களுக்கும் அந்த ஓரத்து அணுக்களுக்கும் சம்பந்தம் இல்லை. தகட்டின் ஒரு சின்னத் திட்டில் வெளிச்சம் ஏறும்போது பக்கத்துத் திட்டில் இறங்கும். மொத்தத் தகட்டையும் கூட்டினால் பெரும்பகுதி அடித்துப் போய்விடும்.

இரண்டாவது காரணம்தான் ஆழமானது. ஒளி ஃபோட்டான்களாக வந்து விழுகிறது. விம்மலின் மேட்டையும் பள்ளத்தையும் காட்ட, அலை ஒரே கட்டத்தில் இருக்கிற அந்தச் சின்ன நேரத்துக்குள், ஒரே கட்டத்தில் இருக்கிற அந்தச் சின்னத் திட்டுக்குள், நிறைய ஃபோட்டான் வந்தாக வேண்டும். வருகிறதா? சூரியப் பரப்பு அளவுக்கு, அதாவது 5800 கெல்வின் சூட்டில் இருக்கிற மூலத்துக்குக் கணக்குப் போட்டால், மஞ்சள் நிறத்தில் அப்படிப்பட்ட ஒரு நேரத்துக்குச் சராசரியாக 0.015 ஃபோட்டான். நூறு வாய்ப்பில் ஒன்றரை. சோடியம் விளக்கில் இன்னும் குறைவு. மேட்டில் பத்தாயிரம், பள்ளத்தில் நூறு என்று எண்ண முடிந்தால் விம்மல் தெரியும். மேட்டிலும் பள்ளத்திலும் பெரும்பாலும் ஒன்றுமே வராவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

இசைக்கவையில் இந்தத் தொல்லை தலைகாட்டாது. ஒலியையும் ஃபோட்டான் மாதிரி துகளாக எண்ணினால், 256 ஹெர்ட்ஸில் ஒரு துகளின் ஆற்றல் அவ்வளவு சிறியது, காதுக்கு வருகிற அலையில் அவை எண்ண முடியாத கூட்டமாக வருகின்றன.

கொருக்குப்பேட்டை வடிகட்டி

அகலம்தானே பிரச்சினை? அதை வடிகட்டி விட்டால் போச்சு. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி, இரண்டு விளக்கிலிருந்தும் 1 ஹெர்ட்ஸ் அகலம் மட்டும் எடுத்து, 4 ஹெர்ட்ஸ் தள்ளி வைத்துச் சேர்த்தால் விம்மும்தானே? கொள்கை அளவில் கேட்கிறேன்.

ராயபுரம் லேப்

கொள்கை அளவில் அலை விம்மும். ஆனால் மேலே சொன்ன 0.015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு வடிகட்டினால் அலை கட்டம் மாறாமல் நிற்கிற நேரம் சுமார் ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடிக்கு 0.015 ஃபோட்டான். சூரியனே விளக்காக இருந்தாலும், ஒரே திசையில் ஒரே முனைவாக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு ஃபோட்டான் வரும். உங்கள் விம்மலோ கால் வினாடிக்கு ஒன்று. ஒரு ஃபோட்டானுக்கும் அடுத்த ஃபோட்டானுக்கும் நடுவில் இருநூற்றுச் சொச்சம் விம்மல் யாரும் பார்க்காமலே போய்விடும்.

கொருக்குப்பேட்டை வடிகட்டி

யப்பா. சரி, வடிகட்டியைத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

ஃபைபர் பொண்ணு, பெரம்பூர்

அதனால்தான் லேசர் வந்த பிறகு எல்லாம் மாறியது. லேசரில் அதே நேரத்துக்குள் கோடிக்கணக்கான ஃபோட்டான் ஒரே கட்டத்தில் வருகிறது. ஹீலியம் நியான் லேசரை ஜாவனும் கூட்டாளிகளும் 1960 கடைசியில் ஓட்டினார்கள். ஒரே குழாயில் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களில் ஒளி வரும், குழாய் ஒரு மீட்டர் நீளம் என்றால் இடைவெளி 150 மெகாஹெர்ட்ஸ். அந்த விம்மலை ஒளி உணரியில் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டு தனித்தனி லேசரையும் விம்ம வைத்தார்கள்.

எங்கள் வேலையில் இது தினசரி நடப்பு. நீண்ட தூர ஃபைபரில் வருகிற ஒளியோடு, வாங்கும் பக்கத்தில் இருக்கிற இன்னொரு லேசரின் ஒளியைக் கலக்கிறோம். இரண்டு லேசருக்கும் சொந்தமோ பந்தமோ இல்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வித்தியாசம் சில நூறு மெகாஹெர்ட்ஸ் அல்லது ஒன்றிரண்டு ஜிகாஹெர்ட்ஸ் இருக்கும். அந்த விம்மலை அளந்து கணக்கில் கழித்தால்தான் தகவல் வெளியே வரும். லேசர் சூட்டில் நகர்ந்தால் விம்மலும் நகரும், ஒரு அளவைத் தாண்டினால் இணைப்பு போய்விடும். ஆகவே இரண்டு ஒளி மூலம் விம்மாது என்று யாராவது சொன்னால் என் சம்பளத்தையே மறுக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை டியூஷன்

அப்போது கடையில் நூறு ரூபாய்க்கு விற்கிற சிவப்பு லேசர் இரண்டை வாங்கி ஒரே புள்ளியில் அடித்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஃபைபர் பொண்ணு, பெரம்பூர்

காட்ட முடியாது சார். இரண்டு பேனாவின் அலைநீளமும் ஒன்றிரண்டு நானோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். சிவப்பில் ஒரு நானோமீட்டர் என்றால் எழுபதாயிரம் கோடி ஹெர்ட்ஸ். மெக் சாரின் முதல் பதில் இங்கே அப்படியே பொருந்தும். நல்ல ஹீலியம் நியான் லேசர் இரண்டு எடுத்தாலும், 30 சென்டிமீட்டர் குழாய் சூட்டில் ஒரு நானோமீட்டர் நீண்டாலே அதிர்வெண் 16 லட்சம் ஹெர்ட்ஸ் நகரும். விம்மல் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். வேகமான உணரியும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் இருந்தால் பார்க்கலாம், கண்ணால் பார்க்க முடியாது.

ராயபுரம் லேப்

கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஒரே லேசரை மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியில் போடுங்கள், அது ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடியில் பட வைத்துத் திரும்பச் சேர்க்கும். ஒரு கண்ணாடியை மைக்ரோமீட்டர் திருகால் மெதுவாக நகர்த்துங்கள். நகருகிற கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற ஒளியின் அதிர்வெண் 2v/λ அளவு மாறும். v என்பது கண்ணாடியின் வேகம். வினாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர், 632.8 நானோமீட்டர் சிவப்பு என்றால் வித்தியாசம் 3.16 ஹெர்ட்ஸ். திரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள், வினாடிக்கு மூன்று முறை எரிந்து அணையும். உங்கள் மாணவி கேட்ட காட்சி அதுதான்.

இங்கே லேசரின் சொந்த அலைச்சல் பாதிக்காது. அது தடுமாறினால் இரண்டு பாதையிலும் ஒன்றாகத் தடுமாறுகிறது, வித்தியாசத்தில் கழிந்துவிடுகிறது. கண்ணாடி இரண்டும் பீம் பிரிப்பானிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால் சோடியம் விளக்கிலேயே செய்யலாம்.

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி.

ஐயா, நாங்கள் சோடியத்தில் அந்தச் சோதனை செய்தோம். கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனால் வெளிச்சமும் இருட்டுமாகத் தெரிகிற பட்டைகள் மங்கிக் காணாமல் போய்த் திரும்ப வருகின்றன. ஒரு மங்கலுக்கும் அடுத்த மங்கலுக்கும் 0.29 மில்லிமீட்டர். இதிலிருந்துதான் இரண்டு மஞ்சள் கோட்டின் இடைவெளி 0.6 நானோமீட்டர் என்று கணக்கிடுகிறோம். இது இரண்டு கோடும் விம்முவது இல்லையா? நேரத்தில் இல்லாமல் தூரத்தில் விம்முகிறது. 5 × 10¹¹ ஹெர்ட்ஸ் விம்மலைக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று ரெக்கார்டில் எழுதலாமா?

வியாசர்பாடி மெக்

எழுதலாம் என்றுதான் தோன்றுகிறது. கணக்கு அப்படியே விம்மல் கணக்கு. இரண்டு கொசைனைக் கூட்டினால் வருகிற அதே உறை.

ராயபுரம் லேப்

எழுதாதே தம்பி, மார்க் போகும். அங்கே 589.0 தன்னோடு மட்டும் குறுக்கிட்டு ஒரு பட்டை வரிசை போடுகிறது. 589.6 தன்னோடு மட்டும் குறுக்கிட்டு இன்னொரு வரிசை போடுகிறது. இரண்டு வரிசையும் வெளிச்சமாகத்தான் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, அலையாகக் கூடவில்லை. ஒன்றின் வெளிச்சப் பட்டை மற்றதன் இருட்டுப் பட்டை மேல் விழும் இடத்தில் மங்கல். 589.0-ஐ ஒரு விளக்கிலிருந்தும் 589.6-ஐ வேறொரு விளக்கிலிருந்தும் எடுத்தாலும் அதே 0.29 வரும். அவற்றுக்குள் எந்தக் கட்டத் தொடர்பும் வேண்டியதில்லை. விம்மலில் இரண்டு அலை கூடி அப்புறம் வெளிச்சமாகிறது, இதில் வெளிச்சமாகி அப்புறம் கூடுகிறது.

வியாசர்பாடி மெக்

அப்படிப் பார்த்தால் நீங்கள் சொன்ன நகரும் கண்ணாடியும் இரண்டு மூலம் இல்லையே? ஒரே லேசர் தன்னோடு விம்முகிறது. கேள்வி இரண்டு தனி மூலம் பற்றியது. 1955 சோதனையும் ஒரே விளக்குதான்.

ஃபைபர் பொண்ணு, பெரம்பூர்

ஒரே விளக்கு சரி, ஆனால் பிரிந்த கோடுகள் ஒன்றுக்கொன்று கட்டத் தொடர்பு இல்லாதவை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அந்த அர்த்தத்தில் அவை தனி மூலங்கள்தான். தனித் தனிப் பெட்டியில் இருந்தால்தான் இரண்டு என்பீர்களா?

வியாசர்பாடி மெக்

தனிப் பெட்டியில் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ராயபுரம் லேப்

மெக் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நகரும் கண்ணாடி கேள்விக்கு முழுப் பதில் ஆகாது. ஆனால் வகுப்பில் வினாடிக்கு மூன்று சிமிட்டலைக் கண்ணால் காட்ட எனக்குத் தெரிந்து வேறு சுலபமான ஏற்பாடு இல்லை. அதிர்வெண் மாறிய ஒளியும் மாறாத ஒளியும் கூடுகின்றன என்ற வரையில் அது அசல் விம்மல்தான்.

எண்ணூர் பழைய ஷிப்ட்

நடுவில் ஒரு கேள்வி. கண்ணாடியை யாரும் தொடாமலே பட்டை நகர்ந்தால்? எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி போனாலே ஜன்னல் அதிரும்.

ராயபுரம் லேப்

நகரும் ஐயா. கண்ணாடி 0.3 மைக்ரோமீட்டர் அசைந்தாலே ஒரு முழுப் பட்டை ஓடிவிடும். சூரிய நாராயணா தெரு பக்கம் லாரி போகிற நேரத்தில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் ரீடிங் எடுக்க மாட்டோம். டியூஷன் சார், பிள்ளைகளை அழைத்து வருவதானால் ஞாயிற்றுக்கிழமை காலை பாருங்கள். கீழே சைக்கிள் டியூப் இரண்டை லேசாகக் காற்றடித்துப் போட்டு, அதன்மேல் கடப்பைக் கல்லை வைத்து, கல்லின்மேல் குறுக்கீட்டுமானியை வைத்தால் பெருமளவு அடங்கும். திருகைக் கையால் திருப்பாமல், மெதுவாக ஓடுகிற சின்ன மோட்டாரை பெல்ட்டால் இணைத்தால் சிமிட்டல் ஒரே சீராக வரும். கையால் திருப்பினால் வண்ணாரப்பேட்டை அண்ணனின் துருத்தி மாதிரிதான் இருக்கும்.

வண்ணாரப்பேட்டை ரீட்

மோட்டார் என்னிடம் ஒன்று இருக்கிறது, நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதிகமா?

ராயபுரம் லேப்

எங்கள் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் போகும், நெம்புகோல் அதை ஐந்தில் ஒன்றாகக் குறைக்கிறது. நிமிடத்துக்கு நூறு மைக்ரோமீட்டர், வினாடிக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். ஐந்து சிமிட்டல் வரும். எண்ணலாம். கொண்டு வாருங்கள்.